‘எல்லா’ என்னும் சொல்லுக்கு ஒரு சோதனை

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. உலையில் கொதிக்கும் அரிசியில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால், மற்றப் பருக்கைகளும் வெந்துவிட்டனவா என்பது தெரிந்துவிடும். ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு என்பதால் இந்த முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால், திருமண வீட்டில் பெரிய அண்டாவில் சமைப்பவர் ஒரு பருக்கையோடு நிறுத்துவதில்லை. அவர் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறுவார். மேலேயும் கீழேயும் பதம் பார்ப்பார். அடிச்சோறு குழைந்திருக்க, மேற்சோறு அரைவேக்காடாக இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். ‘சோறு வெந்துவிட்டது’ என்னும் தம் முடிவைப் பொய்யாக்கக்கூடிய பருக்கை எங்கே ஒளிந்திருக்கும் என்று யோசித்து, அந்த இடத்தில்தான் அவர் தேடுகிறார்.

‘எல்லா’, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்களைக் கொண்ட கூற்றைப் பொதுக்கூற்று என்பர். அதைச் சோதிப்பதற்கும் அந்தச் சமையற்காரரின் வழியே சிறந்தது. பொதுக்கூற்றைப் பொய்யாக்கும் ஒரு நிகழ்வு அல்லது பொருளே எதிர்க்காட்டு எனப்படும். ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகளாக வெள்ளை அன்னங்களை மட்டுமே கண்டிருந்தார்கள். ‘கறுப்பு அன்னம்’ என்பது நடக்கவே முடியாத ஒன்றைக் குறிக்கும் சொல்லாகக்கூட அவர்களிடையே வழங்கியது. 1697ஆம் ஆண்டில் வில்லெம் டி விளாமிங் என்னும் டச்சு மாலுமி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை அடைந்தார். அங்கே ஓர் ஆற்றில் கறுப்பு அன்னங்கள் நீந்திக்கொண்டிருந்தன. இன்று பெர்த் நகரத்தின் வழியே ஓடும் அந்த ஆற்றுக்கு அவர் அன்ன ஆறு என்று பெயரிட்டார். எண்ணற்ற வெள்ளை அன்னங்கள் கட்டிய நம்பிக்கையை உடைக்க, ஒரே ஒரு கறுப்பு அன்னம் போதுமானதாக இருந்தது.

பறவைகள் உலகம் முழுவதும் சிதறிக் கிடப்பவை. எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம். ஆனால், கணிதத்திலும் இதே நிலைதான். ஆய்லர் என்னும் கணித மேதையின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் n² + n + 41 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். n-க்கு 0 இட்டால் 41 கிடைக்கும். 1 இட்டால் 43. 2 இட்டால் 47. 3 இட்டால் 53. 4 இட்டால் 61. இவை அனைத்தும் பகா எண்கள். அதாவது, 1-ஆலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை. 10 இட்டால் வரும் 151, 20 இட்டால் வரும் 461 ஆகியவையும் பகா எண்களே. பொறுமையோடு 39 வரை சென்று பார்த்தாலும் கிடைக்கும் 1601 ஒரு பகா எண்தான். ஆக, 0 முதல் 39 வரை நாற்பது முறை சோதித்தாயிற்று; நாற்பது முறையும் பகா எண்ணே கிடைத்தது. ‘இக்கோவை எப்போதும் பகா எண்ணையே தரும்’ என்று இந்நிலையில் ஒருவர் சொன்னால், அவரைக் குறை சொல்லத் தோன்றாது.

ஆயினும், நாற்பத்தொன்றாவது சோதனையில் கூற்று உடைந்துவிடுகிறது. n-க்கு 40 இட்டால் 1600 + 40 + 41 = 1681. இது 41 × 41. எனவே, இது பகா எண் அன்று.

இதைக் கண்டுபிடிக்க நாற்பது முறை கணக்குப் போட்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. எந்த இடத்தில் கோவை தடுமாறும் என்று முதலிலேயே யோசித்திருந்தால், ஒரே முறையில் விடை கிடைத்திருக்கும். கோவையின் கடைசியில் 41 இருக்கிறது. n-க்கும் 41-ஐயே இட்டால் மூன்று உறுப்புகளும் 41-ஆல் வகுபடும். அப்படியானால், அவற்றின் கூட்டுத்தொகையும் 41-ஆல் வகுபட்டே தீரும். கணக்கிட்டுப் பார்த்தால் 1763 வருகிறது. அது 41 × 43. தமக்குச் சாதகமான எண்களை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போவதும், பாதகமான எண் எதுவாக இருக்கும் என்று குறிபார்த்துத் தேடுவதும் வெவ்வேறு செயல்கள். உண்மையை விரைவாகக் காட்டுவது இரண்டாவது செயலே.

எனினும், கண்ணில் பட்டதையெல்லாம் எதிர்க்காட்டு என்று சொல்லிவிட முடியாது. ‘எல்லாப் பறவைகளும் பறக்கும்’ என்று ஒருவர் கூறுகிறார் எனக் கொள்வோம். “வௌவால் பறக்கிறது, ஆனால், அது பறவை இல்லையே!” என்று மற்றொருவர் மறுத்தால், அது மறுப்பே ஆகாது. முதலாமவர் பறவைகளைப் பற்றித்தான் பேசினார். பறப்பன எல்லாம் பறவைகள் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய கூற்றை உடைக்க, பறவையாகவும் இருக்க வேண்டும், பறக்காமலும் இருக்க வேண்டும். தீக்கோழியும் பெங்குவினும் அத்தகையவை. கூற்றின் முற்பகுதிக்குப் பொருந்தி, பிற்பகுதிக்குப் பொருந்தாமல் இருப்பதே உண்மையான எதிர்க்காட்டு.

மற்றொரு தவறு அன்றாடப் பேச்சில் அடிக்கடி நிகழ்கிறது. ‘புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பை அதிகரிக்கிறது’ என்று சொன்னவுடன், “எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா தினமும் புகைபிடித்தார், தொண்ணூறு வயதுவரை நன்றாகத்தானே இருந்தார்?” என்று சிலர் கேட்பார்கள். அந்தத் தாத்தாவின் கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அது இந்தக் கூற்றை அசைக்காது. புகைபிடிக்கும் ஒவ்வொருவருக்கும் நோய் வந்தே தீரும் என்று எவரும் சொல்லவில்லை. வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்லப்பட்டது. ‘எல்லாரும்’ என்னும் கூற்றை உடைக்க ஒருவர் போதும். ‘வாய்ப்பு அதிகம்’ என்னும் கூற்றை உடைக்க, புகைபிடிப்பவர் பலரையும் புகைபிடிக்காதவர் பலரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்து, ஒரு தாத்தாவை நம்பிச் சிகரெட்டைக் கையில் எடுப்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார்.

எதிர்க்காட்டை உலகில் தேடிக் கண்டுபிடிக்கலாம். சில வேளைகளில் மனத்திலேயே உருவாக்கவும் செய்யலாம். மனத்தில் ஒரு சூழலை அமைத்து, கூற்று உண்மையானால் அங்கே என்ன நடக்க வேண்டும் என்று படிப்படியாக யோசிப்பதை எண்ணச் சோதனை என்பர். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டைக் கலிலியோ தந்தார். அது 1638ஆம் ஆண்டில் லெய்டன் நகரில் வெளிவந்த அவருடைய நூலில், மூவர் உரையாடுவதுபோல் அமைந்துள்ளது.

‘கனமான பொருள் வேகமாக விழும், இலேசான பொருள் மெதுவாக விழும்’ என்பது கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கருத்து. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அது செல்வாக்கோடு இருந்தது. கலிலியோவின் சோதனைக்குக் கோபுரமும் தேவையில்லை, கடிகாரமும் தேவையில்லை. ஒரு பெரிய கல்லையும் ஒரு சிறிய கல்லையும் கற்பனை செய்தால் போதும். பெரிய கல் 8 என்னும் வேகத்திலும், சிறிய கல் 4 என்னும் வேகத்திலும் விழுவதாகக் கொள்வோம். இப்போது இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கீழே விடுவோம். என்ன நடக்கும்?

முதலில் இப்படி யோசிக்கலாம். சிறிய கல் மெதுவாக விழ விரும்புவது. ஆகவே, அது பெரிய கல்லின் வேகத்தைத் தடுக்கும். பெரிய கல்லோ சிறியதை முடுக்கிவிடும். எனவே, கட்டப்பட்ட கற்கள் 8-ஐவிடக் குறைந்த வேகத்தில் விழ வேண்டும். இனி, அதே கற்களை வேறு கோணத்தில் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்துக் கட்டியபின் அவை ஒரே பொருள். அதன் எடை பெரிய கல்லின் எடையைவிட அதிகம். கனமான பொருள் வேகமாக விழும் என்பது உண்மையானால், அது 8-ஐவிடக் கூடுதல் வேகத்தில் விழ வேண்டும். ஒரே கட்டு, ஒரே நேரத்தில், 8-ஐவிட மெதுவாகவும் வேகமாகவும் விழ முடியுமா? முடியாது. இரண்டு முடிவுகளும் ஒரே கூற்றிலிருந்துதான் பிறந்தன. ஆகவே, பிழை அந்தக் கூற்றில்தான் இருக்கிறது. இரண்டு கற்களும் ஒரே வேகத்தில் விழும் என்று கொண்டால் மட்டுமே இந்த முரண்பாடு நீங்குகிறது.

இத்தகைய எண்ணச் சோதனைக்கும் எல்லை உண்டு. ஒரு கருத்து தனக்குள்ளேயே முரண்படுவதை அது காட்டும். ஆனால், ஒரு பொருள் ஒரு விநாடியில் எத்தனை மீட்டர் விழும் என்பதை அது சொல்லாது. அதை அளந்துதான் அறிய வேண்டும். மேலும், இச்சோதனை ஒரே வகைக் கற்களைப் பற்றியது. வேறு வேறு பொருள்கள் வேறு வேறு வேகத்தில் விழுமோ என்னும் ஐயத்தை இது மட்டும் தீர்த்துவிடாது. காகிதமும் நாணயமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடாததை எவரும் வீட்டிலேயே பார்க்கலாம். காற்றின் தடையே அதற்குக் காரணம் என்று கலிலியோ விளக்கினார். அந்த விளக்கம் சரியானால், காற்று இல்லாத இடத்தில் இறகும் இரும்பும் ஒன்றாகவே விழ வேண்டும்.

1971ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு, ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் ஒரு வல்லூற்றின் இறகையும் பிடித்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். நிலவில் காற்றில்லை. சுத்தியலும் இறகும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அரிஸ்டாட்டிலின் கூற்றை மனத்தில் கட்டிய இரண்டு கற்கள் உடைத்தன. கலிலியோவின் விளக்கத்தை நிலவில் விழுந்த ஓர் இறகு உறுதிப்படுத்தியது.

எதிர்க்காட்டால் உடைந்த கூற்றை எல்லா வேளையிலும் தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘n 0 முதல் 39 வரை இருக்கும்போது n² + n + 41 பகா எண்ணாகும்’ என்று திருத்தினால், அது முழு உண்மை. எல்லாப் பறவைகளும் பறக்கும் என்பதைப் பெரும்பாலான பறவைகள் பறக்கும் என்று மாற்றினால், பெங்குவினும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால், ‘அந்த வகுப்பு மாணவர்கள் எல்லாரும் சோம்பேறிகள்’ என்று ஒருவர் சொல்லும்போது, விடியற்காலையில் எழுந்து குடும்பத்தாரின் நாசிலெமாக் கடையில் உதவிவிட்டு வகுப்புக்கு வரும் ஒரே ஒரு மாணவர் அங்கு இருந்தாலும் அக்கூற்று பொய்யாகிவிடும். அந்த மாணவரைத் தேடிப் பார்க்காமல் ‘எல்லாரும்’ என்னும் சொல்லைப் பயன்படுத்துவது, அண்டாவைக் கிளறாமலே பந்தியில் சோறு பரிமாறுவது போன்றது.