தும்மியவர் சொன்ன கதை

திருக்குறளின் கடைசிக்கு முந்தைய அதிகாரம் ‘புலவி நுணுக்கம்’. திருச்சியில் நான் பாடம் நடத்தும் முதுகலை வகுப்பில், அதைப் படிக்கும்போது மாணவிகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கத்தக்க அதிகாரம்தான். ஒருவன் தன் மனைவியைப் பற்றிச் சொல்கிறான். மரத்தில் பூத்த பூவைச் சூடினால், எவளுக்குக் காட்டச் சூடினீர் என்று காய்கிறாள். எல்லாரையும்விட உன்மேல் அன்பு என்றால், யாரைவிட என்று ஊடுகிறாள். இந்தப் பிறவியில் பிரியமாட்டேன் என்றால், அடுத்த பிறவியில் பிரிவான் என்று கண்ணீர் பெருக்குகிறாள். உன்னை நினைத்தேன் என்றால், அப்படியானால் நடுவில் மறந்திருந்தீர்களா என்கிறாள். அவன் தும்முகிறான், வாழ்த்திவிட்டு, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். தும்மலை அடக்குகிறான், நினைப்பவளை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள்.

பத்துக் குறளில் எட்டு அவன் பேசுவது. அந்த எட்டையும் கேட்டு முடிக்கும்போது நாம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். பாவம், எது செய்தாலும் குற்றமாகிறதே என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றவைத்தது யார், வள்ளுவரா அவனா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் அதிகாரம் வேறு மாதிரி திறக்கிறது.

அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத் 1961இல் வெளியிட்ட நூலில் ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்ற சொல்லைத் தந்தார். ‘நான்’ என்று கதை சொல்பவரின் பார்வையும், பிரதி முழுவதையும் படிக்கும்போது நமக்குள் உருவாகும் ஆசிரியரின் பார்வையும் ஒத்துப்போகாதபோது, அந்தக் கதைசொல்லி நம்பகமற்றவர். ஆசிரியரின் சொந்த வாழ்க்கை இதற்குத் தேவையில்லை. வள்ளுவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு என்பதால் இது நமக்கு வசதியும்கூட. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நம்பகமற்றவர் என்றால் பொய்யர் என்று பொருளல்ல. நடந்ததை மாற்றிச் சொல்வது ஒரு வகை. நடந்ததை அப்படியே சொல்லி, அதன் பொருளைத் தவறாகப் புரிந்துகொள்வது இன்னொரு வகை. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கடினம். சொல்பவர் மனமறிந்து எதையும் மறைப்பதில்லை.

நம் இலக்கிய மரபுக்கு இந்த இடைவெளி புதிதல்ல. அகப்பாட்டு ஒவ்வொன்றும் ஒரு ‘கூற்று’: தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று. பேசுபவர் புலவர் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அகப்பாடலுக்குள்ளேயே நுழைகிறோம். ஆனால் பேசுபவர் யார் என்று குறித்துவிட்டு, அவர் பேச்சை நம்பலாமா என்று கேட்காமலே நகர்ந்துவிடுகிறோம்.

இனி அந்த எட்டைக் கூர்ந்து பார்ப்போம். எட்டில் ஆறு குறள் ‘என்று’ என்ற சொல்லில் முடிகின்றன. அவள் கேட்டதாகச் சொல்லப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இந்த ‘என்று’ வந்து நிற்கிறது. அதாவது அவள் குரல் நமக்கு நேரே வருவதில்லை. அவன் வாயில் புகுந்து, அவன் தேர்ந்த வினைச்சொற்களோடு வருகிறது. காய்கிறாள், ஊடினாள், அழுதாள். அவள் எந்தத் தொனியில் கேட்டாள், சிரித்துக்கொண்டு கேட்டாளா என்பதெல்லாம் அவன் தீர்ப்பு.

ஆனால் இதே அதிகாரத்தில் இரண்டு குறள் அவளுடையவை. இதை உரையாசிரியர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்பதில்லை, இலக்கணமே காட்டுகிறது. 1311இல் பேசுபவள் எதிரில் இருப்பவனை ‘பரத்த’ என்று விளிக்கிறாள். பெண்கள் எல்லாரும் கண்ணால் பொதுவாக உண்ணும் உன் மார்பை நான் நெருங்கமாட்டேன் என்கிறாள். 1312இல் ‘தும்மினார்’ என்று அவனைக் குறிப்பிடுகிறாள். இந்த இரண்டாவது குறள்தான் என்னை நிறுத்தியது. ஊடிப் பேசாதிருந்தோம், அவர் தும்மினார், நாம் நீடு வாழ்க என்று வாழ்த்துவோம் என்பதை அறிந்தே தும்மினார் என்கிறாள் அவள். குழந்தை தும்மினால் ‘நூறாயுசு’ என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் உண்டே, அதே வழக்கம். அவள் மௌனத்தை உடைக்க அவன் அந்த வழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டான்.

இப்போது 1317க்கு வாருங்கள். தும்மினேன், வாழ்த்தினாள், பிறகு அதை மாற்றி அழுதாள் என்கிறான் அவன். அவன் கணக்கில் தும்மல் தானாக வந்தது. அவள் கணக்கில் அது செய்யப்பட்டது. ஒரே வகை நிகழ்ச்சிக்கு இரண்டு சாட்சிகள். தும்மல் வரவழைக்கக் கூடியது என்று அவள் சொல்லிவிட்டாள். அடக்கக் கூடியது என்று 1318இல் அவனே ஒப்புக்கொள்கிறான். அவன் தும்மலைக் கையாளத் தெரிந்தவன் என்பதை அறிந்த பெண்ணின் கேள்வியாகப் படித்தால், ‘யாரை மறைக்கிறீர்கள்’ என்பது பேதைமையாகத் தோன்றுவதில்லை.

இங்கே ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். பரிமேலழகர் இந்த அதிகாரத்துக்கு முகப்பிலேயே விளக்கம் தந்துவிடுகிறார்: அவனிடம் ஊடுவதற்குக் காரணம் இல்லை, காதல் மிகுதியால் அவள் நுண்ணிய காரணம் ஒன்றைக் கற்பித்து அவன்மேல் ஏற்றுகிறாள். இது ஆதாரமற்ற விளக்கம் அல்ல. அடுத்த அதிகாரமான ‘ஊடலுவகை’யின் முதல் குறளில் தலைவியே, அவரிடம் தவறு இல்லை, ஆனாலும் ஊடினால் அவர் மிகுதியாக அன்பு செய்கிறார் என்று சொல்கிறாள். அவன் பரத்தையிடம் போனான் என்று நிறுவ நினைக்கும் வாசிப்பு இந்தக் குறளில் வந்து முட்டிக்கொள்ளும். குறள்களின் வரிசையைக் காட்டி, வள்ளுவர் அவள் குற்றச்சாட்டை முன்னால் வைத்தார் என்று வாதிடவும் முடியாது; அதிகாரத்துக்குள் குறள் வரிசை உரைக்கு உரை மாறும்.

ஆனால் அந்தக் குறளை அவள் பக்கமிருந்து படித்துப் பாருங்கள். அவனிடம் தவறில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஊடுகிறாள், ஊடலின் பயன் அறிந்து ஊடுகிறாள். அப்படியானால், ‘காரணமில்லாமல் சந்தேகப்பட்டு அழுகிறாள்’ என்று அந்த எட்டுக் குறளில் அவன் வரைந்த பெண் யார்? அவன் தவறு செய்திருந்தால், நடந்ததை மறைத்த கதைசொல்லி. தவறு செய்யாதிருந்தால், தன் எதிரே நடப்பது அறிவுள்ள ஒருத்தியின் ஆட்டம் என்பது புரியாத கதைசொல்லி. இரண்டில் எதுவானாலும் அவன் வரைந்த படத்தை அப்படியே ஏற்க முடியாது. வள்ளுவருக்கு அவள் யாரென்று தெரிந்திருக்கிறது; அவனுக்குத் தெரியவில்லை. அதிகாரத் தலைப்பில் உள்ள ‘நுணுக்கம்’ அவளுடையது.

பரிமேலழகர் செய்தது, கதைசொல்லியின் தீர்ப்பை ஆசிரியரின் தீர்ப்பாக்கியது. ‘காரணம் இல்லை’ என்பதை ஏற்றவர், ‘அவளுக்கும் அது தெரியும்’ என்பதன் பொருளை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏட்டில் நடக்கும்போது இது வெறும் உரைச்சிக்கல். வீட்டில் நடக்கும்போது அப்படியல்ல. என் உறவில் ஒரு பெண்ணுக்காகப் பெரியவர்கள் கூடிப் பேசிய கூடத்தில் நான் இருந்திருக்கிறேன். கணவர் நன்றாகப் பேசினார். போனை எடுத்தால் யார் என்கிறாள், எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்கிறாள், சட்டையை முகர்ந்து பார்க்கிறாள் என்றார். கூடம் சிரித்தது. சித்தப்பா ஒருவர், “பொண்ணுன்னா அப்படித்தாம்ப்பா, உன் மேல உள்ள பிரியம்” என்று பரிமேலழகர் உரையையே சொன்னார். அவள் சமையல்கட்டில் எல்லாருக்கும் காப்பி கலந்துகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் கேள்விகள் எல்லாம் அங்கே கேட்டன, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ‘என்று’வோடு.

அவள் குரல் ‘என்று’ இல்லாமல் கேட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தில் பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்குப் போய், ஆயில்ய நாளில் கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்து காட்சி தருகிறார். சில நாள் கழித்து, உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயாரிடம் வருகிறார். கதவு சாத்தப்படுகிறது. பிரணய கலகம் என்னும் உரையாடல் படிக்கப்படுகிறது.

தாயாருக்குப் ‘படி தாண்டாப் பத்தினி’ என்று பெயர். அவர் உறையூருக்குப் போய் விசாரிக்க வழியில்லை. அவரிடம் உள்ள ஒரே ஆதாரம் வந்து நிற்பவரின் திருமேனி. கண் ஏன் சிவந்திருக்கிறது, குழல் ஏன் கலைந்திருக்கிறது, கஸ்தூரித் திருமண்காப்பு ஏன் கலைந்தது என்று ஒவ்வொன்றாக வருகிறது. பெருமாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்கிறார்: உலகைக் காக்கக் கண்விழித்தது, குதிரையில் போனபோது காற்று அடித்தது, இப்படி. தனித்தனியே எடுத்தால் எல்லாமே நம்பத்தக்கவை. சேர்த்து வைத்தால் நிற்கவில்லை. பல அடையாளங்களுக்கு ஒரே காரணம் போதும் என்றிருக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் காரணம் சொல்லப்படுவதுதான் நம்பகமற்ற கதையின் முதல் அறிகுறி. சத்தியம் செய்கிறேன் என்றும் சொல்லிப் பார்க்கிறார். கடலில் மூழ்கவோ பாம்புக் குடத்தில் கைவிடவோ தயார் என்றால், பாற்கடலில் பாம்பின்மேல் படுத்திருப்பவருக்கு அது என்ன சோதனை என்பது பதில். அவர் பெருமையே அவர் சாட்சியத்தைச் செல்லாததாக்குகிறது.

இந்த உரையாடலை ஆக்கியவர் யாரை நம்பச் சொல்கிறார் என்பதில் ஐயமில்லை. பெருமாள் உறையூருக்குப் போனதை ஊரே பார்த்திருக்கிறது. கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணும் அந்தக் காரணங்களைக் கேட்டுச் சிரிக்கிறாள். இம்முறை சிரிப்பு அவர்மேல். ஆனாலும் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்ய, கதவு திறக்கத்தான் செய்கிறது. தாயாரின் கேள்விகளைப் படிப்பதும் ஆண் குரல்தான். பரம்பொருளையே குறுக்கு விசாரணை செய்யும் உரிமையைத் தந்த பிரதிகூட, அந்தக் கேள்விக்குப் பின்னும் கதவைச் சாத்தியே வைத்திருக்கும் உரிமையைத் தரவில்லை. அந்த எல்லையையும் சேர்த்தேதான் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பில் இப்போது ஒரு பயிற்சி தருகிறேன். எட்டுக் குறளிலும் அவன் சொற்களை நீக்கிவிட்டு, அவள் கேட்டவற்றை மட்டும் இன்றைய தமிழில் எழுதுங்கள். ‘என்று’ வரக் கூடாது. ஒருமுறை ஒரு மாணவி இப்படி எழுதி வந்து வாசித்தாள்: யாருக்குக் காட்ட இந்தப் பூ? யாரைவிட? எப்போது மறந்தீர்கள்? யார் நினைத்துத் தும்மினீர்கள்? யாரை மறைக்கிறீர்கள்? மற்றவர்களிடமும் இப்படித்தான் பணிந்து நடப்பீர்களா? யாரோடு ஒப்பிட்டு என்னை இப்படிப் பார்க்கிறீர்கள்?

வாசித்து முடித்ததும் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, “எட்டுக் குறள்ல ஏழு கேள்விதான மேடம் இருக்கு?” என்றாள். ஆமாம். 1315இல் அவளுக்குப் பேச்சே இல்லை. கண் நிறைந்த நீர் மட்டும்தான் உண்டு. அதன் பொருளை அவன் சொல்லவில்லை. வள்ளுவரும் சொல்லவில்லை.