வடக்கயிறு சொன்ன கிணற்றுக் கணக்கு

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தி, தன் தாத்தாவைப் பேட்டி எடுத்து வகுப்பில் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. "அந்தக் காலத்துல வாழ்க்கை எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று தொடங்கினாள். "கஷ்டம்தான் தாயி" என்பதோடு பேச்சு நின்றுவிட்டது.

மறுநாள் கேள்வியை மாற்றினாள். "விடியுறதுக்குள்ள முதல்ல என்ன வேலை செய்வீங்க?" தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கோழி கூவும் முன்பே கமலையில் மாடு பூட்டியாக வேண்டும். வடக்கயிற்றின் ஒரு முனை நுகத்தடியில், மறுமுனை கிணற்றுக்குள் இருக்கும் கூனையில். மாடுகள் சரிவில் இறங்கும்போது தாத்தா வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். அவர் கனமும் சேர்ந்து கூனையை மேலே இழுக்கும். மேலே வந்ததும் கூனையின் தோல் வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேறும். அப்பத்தா வயலில் மடை மாற்றுவார். வெயில் ஏறியதும் மாடுகளை அவிழ்த்துவிட்டு, பொழுது சாயும்போது மறுபடி பூட்டுவார்கள். நாள் முழுக்க இறைத்தாலும் அரை ஏக்கர் பாய்வது அரிது என்றார்.

"வடம் எம்புட்டு நீளம் தாத்தா?"

"கோடையில இருபத்து நாலு முழம்."

பேத்தி இதைக் கணக்காக்கினாள். முழத்துக்கு ஒன்றரை அடி என்றால் 36 அடி. கிணற்று மேட்டுக்கு மேல் உருளை நின்ற உயரம், நுகத்தடி வரை போகும் கயிறு இரண்டுக்குமாக ஏறக்குறைய 6 அடி கழித்தால், தண்ணீர் 30 அடியில் இருந்திருக்கிறது. கூனை எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவு தூரம் மாடுகள் நடக்க வேண்டும். தூர்ந்துபோன கமலைச் சரிவை டேப் வைத்து அளந்தாள். 31 அடி வந்தது. நினைவும் நிலமும் ஒத்துப்போயின.

எந்த ஆண்டு என்று கேட்டால் தாத்தாவுக்குத் தெரியவில்லை. "அண்ணா செத்தாருல்ல, அந்தக் கோடையில மோட்டார் மாட்டினோம்" என்றார். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. ஆகவே கமலை கடைசியாக ஓடிய கோடை 1968.

இன்று அந்தக் கிணறு வறண்டு கிடக்கிறது. பக்கத்து ஆழ்குழாயில் மோட்டார் 450 அடியில் தொங்குகிறது. 30 அடியையும் 450 அடியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு அட்டையில் எழுதினாள். பிறகு தானே அடித்துவிட்டாள். மோட்டார் இறக்கிய ஆழம் வேறு, நீர்மட்டம் வேறு. குழாய்க்குள் கல் கட்டிய நூலை இறக்கி, நனைந்த இடத்தை அளந்தபோது 210 அடி இருந்தது.

எழுதியதைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினாள். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "கோடைன்னு பெருசா எழுது தாயி. ஐப்பசி, கார்த்திகையில பாதி வடம் மேலேயே சுருண்டு கிடக்கும்." அந்தத் திருத்தத்தோடுதான் அட்டை வகுப்புக்குப் போனது.