ஐம்பதும் ஐம்பத்து நான்கும்

கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்த்தபடி ஒருவர் அணியை மற்றவர் சீண்டிப் பேசும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் கலாய்ப்பது என்றும் ஓட்டுவது என்றும் சொல்வர். இலங்கைத் தமிழர் அதையே பகிடி என்பர். சொல் இடத்துக்கிடம் மாறினாலும் பேச்சைத் தொடங்கும் விளி இரண்டு கரையிலும் 'மச்சான்' என்பதே. சிங்கள இளைஞரும் தம் நண்பரை அப்படித்தான் அழைக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் மோதும் நாளில் சென்னையில் இருக்கும் ஒருவரும் கொழும்பில் இருக்கும் அவருடைய தமிழ் நண்பரும் தொலைபேசி வழியே நடத்தும் வாய்ச்சண்டைக்கு அந்த ஒரு சொல்லே வாசற்படியாகிறது. அத்தகைய இருவரின் நட்பைக் கடுமையாகச் சோதித்த நாள் என்று 2023 செப்டம்பர் 17-ஐச் சொல்லலாம். கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் நடந்த ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இலங்கை அணி 50 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது அன்றுதான்.

பகிடி என்பது மாற்றி மாற்றி ஆடப்படும் ஆட்டம். ஒருவர் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும், திருப்பிச் சொல்லக் கையில் ஏதாவது இருக்கவும் வேண்டும். அன்று பிற்பகல் ஆட்டம் தொடங்கும்போது கொழும்பு நண்பரின் கையிருப்பு குறைவானதன்று. முந்தைய ஆண்டின் ஆசியக் கோப்பை இலங்கையிடம் இருந்தது. ஐந்து நாள்களுக்கு முன் அதே மைதானத்தில் இந்தியாவின் பத்து விக்கெட்டுகளையும் இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர்களே வீழ்த்தி 213 ஓட்டங்களுக்குள் சுருட்டியிருந்தார்கள். இருபது வயதான துனித் வெல்லாலகே மட்டும் 40 ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்திருந்தார். அந்த ஆட்டத்தை முடிவில் 41 ஓட்ட வித்தியாசத்தில் இந்தியாவே வென்றது என்பது சென்னைக்காரரின் பதில். ஆக, இரு பக்கமும் சொல்ல இருந்தது, எதிர்பார்க்கவும் இருந்தது.

டாஸில் வென்ற இலங்கை பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்தது. உடனே மழை வந்து ஆட்டம் தாமதமானது. முதல் சீண்டல் இங்கே தொடங்குவது இயல்பு. "என்ன மச்சான், மானம் இப்படி மூடிக்கிட்டு இருக்கு, பேட்டிங்கா எடுத்தீங்க?" என்று சென்னையிலிருந்து கேட்டால், "பொறு மச்சான், ஐம்பது ஓவர் கிடக்கு. வெல்லாலகேயிட்ட பட்டதை அதுக்குள்ள மறந்திட்டியோ?" என்று கொழும்பிலிருந்து பதில் வரும். இந்தச் சீண்டலில் பழுதில்லை, ஏனெனில் அது ஒரு முடிவைப் பற்றியது. அந்த முடிவு சரியா தவறா என்பது அப்போது எவருக்கும் தெரியாது. ஈரக் காற்றும் மேகமும் உள்ள வேளையில் புதிய பந்து காற்றில் வளைந்து செல்லும் வாய்ப்பு அதிகம் என்று ஆட்டக்காரர்கள் கருதுவார்கள். இந்த வளைவையே ஸ்விங் என்கிறோம். வளையும் என்று உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது, அதனால்தான் அந்தக் கேள்வி கேலியாக நிற்கிறது.

பிறகு ஆட்டத்தின் நான்காவது ஓவரை முகமது சிராஜ் வீசினார். முதல் பந்தில் நிசங்க, மூன்றாம் பந்தில் சமரவிக்ரம, நான்காம் பந்தில் அசலங்க என வரிசையாகச் சென்றனர். அடுத்த பந்து ஹாட்ரிக் பந்து, அதாவது தொடர்ந்து மூன்றாவது விக்கெட்டுக்கான வாய்ப்பு. அதைத் தனஞ்ஜய டி சில்வா நான்குக்கு அடித்தார். அந்தப் பக்கம் காவலுக்கு ஆளில்லாததால் பந்தை வீசிய சிராஜே அதன் பின்னால் எல்லைக்கோடு வரை ஓடினார். தாமே வீசிய பந்தைத் தாமே துரத்திய அந்த ஓட்டத்தைக் கண்டு உடன் ஆடியவர்கள் சிரித்தார்கள். அடுத்த பந்திலேயே தனஞ்ஜயவும் விக்கெட் காப்பாளரிடம் பிடி கொடுத்தார். பும்ரா முதல் ஓவரிலேயே எடுத்திருந்த விக்கெட்டையும் சேர்த்து இலங்கை 12 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்திருந்தது. சிறிது நேரத்தில் அதே 12-இல் அணித்தலைவர் தசுன் சானகவும் பௌல்டானார்.

பந்தைத் துரத்திய அந்த ஓட்டம்தான் அன்றைய ஆட்டத்தில் இரு நண்பர்களும் சேர்ந்து சிரித்திருக்கக்கூடிய கடைசிக் காட்சி. அதற்குப் பின் ஒரு மாற்றம் நிகழ்கிறது, அதைக் கவனிப்பவரே நல்ல நண்பர். என்ன நடக்கும் என்று தெரியாத நிலையில்தான் பகிடிக்கு உயிர் இருக்கிறது. 12-க்கு ஆறு என்றான பிறகு அந்தத் தெரியாமை போய்விட்டது, கொழும்புக்காரர் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. திருப்பிக் கொடுக்க முடியாதவரை நோக்கிச் சொல்லும் அதே வார்த்தை, பத்து நிமிடத்துக்கு முன் பகிடியாக இருந்தது, இப்போது குத்தலாகிவிடுகிறது. சொன்னவர் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை; எதிரில் இருப்பவரின் கை காலியாகிவிட்டது, அவ்வளவே.

இந்த மாற்றத்தை அறிய அடையாளங்கள் உண்டு. உடனுக்குடன் வந்த பதில்கள் தாமதமாகின்றன. வாக்கியமாக வந்தவை 'ம்', 'சரி' என்று சுருங்குகின்றன. இவை எளிதில் புலப்படும். எளிதில் ஏமாற்றுவது இன்னொன்று: தோற்றுக்கொண்டிருப்பவர் தம் அணியைத் தாமே திட்டத் தொடங்குவார். "இவங்களுக்கு மட்டை பிடிக்கவே தெரியாது மச்சான்" என்று அவர் சொல்லும்போது, இறங்கிவந்து நம்மோடு சேர்ந்துகொண்டார் என்று எண்ணி மற்றவரும் "ஆமா, ஸ்கூல் பசங்க மாதிரி ஆடுறாங்க" என்று கூட்டிப் பேசினால், அங்கேதான் பெரும்பாலும் முறிவு நேர்கிறது. தன் பிள்ளையைத் தாய் திட்டுவாள். பக்கத்து வீட்டார் அதையே சொன்னால் பொறுக்க மாட்டாள். தன் அணியைத் திட்டுகிறவர் தம் வலியைத் தாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். அதற்கு உடன்பாடு வேண்டி அவர் அப்படிச் சொல்வதில்லை. "இல்ல மச்சான், அந்தப் பந்து யாரா இருந்தாலும் அவுட்தான்" என்பதே அவ்விடத்துக்குப் பொருந்தும் பதில், அன்று அது உண்மையும்கூட: சிராஜ் 21 ஓட்டங்கள் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்த அந்த வீச்சு, எந்த அணியையும் குலைத்திருக்கும்.

கையே வைக்கக் கூடாத இடம் ஒன்றும் இந்த நட்பில் உண்டு. தமிழராக இருந்துகொண்டு எப்படி இலங்கை அணிக்குக் கைதட்டலாம் என்ற கேள்வி, வேடிக்கையாகக் கேட்கப்பட்டாலும் வேடிக்கையாகக் கேட்காது. இலங்கைத் தமிழருள் இந்தியாவை ஆதரிப்பவர் பலர், இலங்கையை ஆதரிப்பவர் பலர். அந்தத் தேர்வுக்குப் பின்னால் போரும் இழப்பும் வளர்ந்த தெருவும் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சைக் கண்டு பூரித்த சிறுவயதும் கலந்து கிடக்கின்றன. டாஸைப் பற்றிக் கேட்கலாம், ஆடிய விதத்தைப் பற்றிக் கேட்கலாம். ஒருவர் எந்த அணியைத் தம்முடையதாகக் கொண்டார் என்பது ஆட்டத்துக்கு வெளியே உள்ள செய்தி.

இலங்கை 15.2 ஓவரில் 50-க்கு முடிந்தது, இந்தியா 6.1 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 51 எடுத்தது. அறுநூறு பந்துகள் வரை நீளக்கூடிய ஆட்டம் 129 பந்துகளில் தீர்ந்துவிட்டது. ஒருநாள் போட்டி இறுதி ஆட்டங்களில் ஓர் அணி எடுத்த ஆகக் குறைந்த எண்ணிக்கை இதுவே என்று எல்லா இடத்திலும் சொல்லப்பட்டது. அப்போது சென்னை நண்பர் எடுத்துச் சொல்லத் தக்க ஒரு செய்தி இருந்தது: அன்றுவரை அந்தச் சாதனையைச் சுமந்தது இந்தியாதான். 2000 அக்டோபர் 29 அன்று சார்ஜாவில் சனத் ஜயசூரிய 189 ஓட்டங்கள் குவிக்க, 300 என்ற இலக்கைத் துரத்திய இந்தியா, சமிந்த வாஸ் 14 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் வீழ்த்தியதில் 54-க்குச் சுருண்டது. அந்தப் பட்டியலில் இரண்டிலக்கம் தொட்டவர் தமிழ்நாட்டு அணிக்கு ஆடிய ராபின் சிங் ஒருவரே, அதுவும் பதினொன்று.

இந்த எண்ணைக் கொழும்பு நண்பர் தேடி எடுத்துப் பதிலடியாக வீச விடாமல், வென்றவரே முதலில் எடுத்து வைப்பதில் ஒரு நயம் இருக்கிறது. "மச்சான், இருபத்து மூணு வருஷமா அந்த 54-ஐ நாங்கதான் தூக்கிட்டுத் திரிஞ்சோம்" என்றால், அது ஆறுதல் சொல்லும் தொனியில் இல்லை, பரிதாபமும் இல்லை. கேலியின் குரலிலேயே வருகிறது, ஆனால் கேலிக்கு இலக்கானவர் சொன்னவரே. காலியாக இருந்த எதிராளியின் கையில் ஒரு சீட்டை வைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது இது. 'பரவாயில்லை', 'வெறும் விளையாட்டுதானே' என்னும் ஆறுதல்கள் இதைச் செய்வதில்லை. விளையாட்டை உயிராக நேசிக்கும் ஒருவரிடம் வெறும் விளையாட்டுதானே என்பது, அவர் நேசிப்பதையே சிறிதாக்கிவிடுகிறது.

பேச்சுக்கு வேறு வழிகளும் அன்று திறந்திருந்தன. ஆட்டநாயகன் பரிசுத் தொகையைச் சிராஜ் மைதானப் பணியாளர்களுக்கு அளித்தார். தொடர் முழுதும் மழை வரும்போதெல்லாம் தார்ப்பாயை இழுத்து மூடி, நின்றதும் இழுத்து விலக்கியவர்கள் அவர்கள். ஆட்டத்தில் தோற்ற ஊரில் அன்று தலைநிமிர்ந்து பேசத்தக்க ஒன்று இது. அதைவிட நெருக்கமான வழி மதீச பத்திரண. அந்த ஆண்டு மே மாதம் சென்னை சூப்பர் கிங்ஸ் கோப்பை வென்றபோது அதில் அவரும் மகேஷ் தீக்சனவும் ஆடியிருந்தார்கள். சென்னையும் கொழும்பும் ஒரே குரலில் கத்திய நாள்கள் அவை. செப்டம்பரில் தீக்சன காயத்தால் இறுதி ஆட்டத்தில் ஆட முடியவில்லை. "தீக்சன இருந்திருந்தா?" என்று சென்னைக்காரர் கேட்பது, எதிரணியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, இருவருக்கும் சொந்தமான ஒருவரைப் பற்றிய விசாரிப்பு.

அடுத்த பேச்சை யார் தொடங்குவது என்பதில் தோற்றவருக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று தோன்றுகிறது. அவர் தொடங்கும்வரை கிரிக்கெட்டை விட்டுவிட்டு வேறு எதையும் பேசலாம். அதே ஆண்டு நவம்பர் 2-இல் மும்பையில் இலங்கை மறுபடியும் இந்தியாவிடம், இம்முறை 55-க்கு, வீழ்ந்தபோது இந்தப் பொறுமை இன்னும் கடினமாகியிருக்கும். நவம்பர் 19-இல், தொடர்ந்து பத்து ஆட்டங்கள் வென்று வந்த இந்தியா உலகக் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற இரவு, செப்டம்பரில் அடக்கமாக இருந்தவருக்குக் கொழும்பிலிருந்து என்ன வந்திருக்கும் என்பதை அவர் செப்டம்பரில் நடந்துகொண்ட விதமே தீர்மானித்திருக்கும்.

2024 ஆகஸ்டில் இந்திய அணி அதே பிரேமதாச மைதானத்துக்கு வந்தது. முதல் ஆட்டம் 230-இல் சமனாகியது. இரண்டாவதில், விக்கெட் இழப்பின்றி 97 எடுத்திருந்த இந்தியாவின் முதல் ஆறு விக்கெட்டுகளையும் ஜெஃப்ரி வாண்டர்சே என்ற சுழற்பந்து வீச்சாளர் 33 ஓட்டங்கள் கொடுத்து எடுத்துவிட்டார். மூன்றாவதில் வெல்லாலகே ஐந்து விக்கெட் வீழ்த்த, இந்தியா 138-இல் முடிந்து தொடரை இழந்தது. 1997-க்குப் பிறகு இலங்கை இந்தியாவை இருதரப்பு ஒருநாள் தொடரில் வென்றது அப்போதுதான். இம்முறை தொலைபேசியில் முதலில் 'மச்சான்' என்று அழைக்கும் உரிமை கொழும்புக்காரருடையது. வானிலையைப் பற்றியோ டாஸைப் பற்றியோ அவர் என்ன கேட்டாலும், கேட்டுக்கொண்டு பதில் தேடுவது சென்னையின் முறை.