பதினைந்து நிமிடம்

கருவிப் பையைச் சுமந்துகொண்டு நாம் கள்ளக்குறிச்சிக்குப் போய்வரத் தொடங்கிய நாளில் அவ்வூர் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2019-ஆம் ஆண்டில் அது தனி மாவட்டமாயிற்று. பின்னர் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் எழுந்தது. மருத்துவக் கருவி விற்கும் தொழிலுக்குப் புதிதாய் வரும் பிள்ளைகள் அந்தப் பெரிய கட்டடத்தைக் கண்டதும் அங்கேதான் விரைகிறார்கள். அரசு மருத்துவமனைகளுக்கான பெருங்கருவிகளைப் பெரும்பாலும் சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமே ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. 1994-இல் நிறுவப்பட்ட கழகம் அது. ஆகவே சிறுவங்கூர் வாசலில் நின்று நேரம் கேட்பதால் ஆர்டர் கிடைத்துவிடாது. நேரம் கேட்க வேண்டிய இடம், ஊருக்குள் இருக்கும் தனியார் மருத்துவமனைகளின் கொள்முதல் அலுவலருடைய மேசை.

அந்த மேசையின் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் வார்டுகளிலிருந்து தேவைச் சீட்டுகள் வந்து குவியும். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு பில்களைக் கேட்டு நெருக்கும். மார்ச் மாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். “சார், ஒரு நல்ல ப்ராடக்ட் வந்திருக்கிறது, எப்போது பார்க்கலாம்?” என்று அவரைக் கேட்டால், “பிறகு சொல்கிறேன்” என்ற விடைதான் வரும். எந்தக் கருவி, யாருக்கு, எவ்வளவு நேரம் என்று ஒன்றுமே தெரியாத கேள்விக்கு அவர் வேறென்ன சொல்ல முடியும்?

ஒருமுறை நாம் நேரம் கேட்ட விதத்தை இங்கே எழுதுகிறோம். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் அவர்களுக்கு ஒரு சிறு கிளை. எம்மிடமிருந்தது ஆக்ஸிஜன் செறிவூட்டி. காற்றை உள்ளிழுத்து, அதிலுள்ள நைட்ரஜனைச் சியோலைட் என்னும் குருணைகளில் பிடித்து நிறுத்தி, ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு ஆக்ஸிஜனை வெளியே தரும் பெட்டி அது. சிலிண்டரை மலையேற்றும் வண்டிக்கூலி மிச்சம். கொள்முதல் அலுவலருக்கு நாம் எழுதியது இவ்வளவே:

“ஐயா, தங்கள் மலைக் கிளைக்கு ஏற்ற, நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்ஸிஜன் செறிவூட்டி ஒன்றைக் காட்டப் பதினைந்து நிமிடம் வேண்டுகிறோம். வரும் புதன் அல்லது வியாழன் பிற்பகல் மூன்று மணிக்குமேல் தங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவியுங்கள். ஒரு மின்செருகி போதும், நோயாளி தேவையில்லை. பொறுப்பு மருத்துவரும் கருவிப் பராமரிப்பாளரும் உடனிருந்தால் நலம். உரிமத்தின் நகலும் பராமரிப்புச் செலவு விவரமும் கொண்டுவருகிறோம்.”

மருத்துவரையும் பராமரிப்பாளரையும் அழைத்ததற்குக் காரணம் உண்டு. கொள்முதல் அலுவலர் தனியே முடிவு செய்பவரல்லர். அவர் மட்டும் பார்த்தால், மற்ற இருவருக்காக மறுபடியும் இரண்டு நாள் அலைய நேரும். விலைத் தள்ளுபடியைக் கடிதத்தில் சொல்லாததும் வேண்டுமென்றேதான். சொல்லியிருந்தால் பேச்சு விலையிலேயே நின்றுவிடும்.

மூன்று நாள் பதிலில்லை. மலையேறிக் கேட்கவுமில்லை, தினமும் தொலைபேசியில் தொல்லை தரவுமில்லை. ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். இந்த இடைவெளியில் “விலைப்புள்ளி மட்டும் அனுப்புங்கள்” என்று பதில் வருவதும் உண்டு. அதைக் கண்டு மகிழ்வது அவசரம். மூன்று விலைப்புள்ளிகள் கோப்பில் இருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. கருவியைப் பார்க்காமலே விலை கேட்பவர், முன்பே தேர்ந்துவிட்ட ஒருவருக்குத் துணைக்காக எம்மைக் கேட்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போதும் விலையை அனுப்பிவிட்டு, பார்வைக்கு நேரம் வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்போம். அதற்கும் பதிலில்லையென்றால் அந்த வாசலை அவ்வருடம் விட்டுவிடுவதே நல்லது.

எமக்கு அந்த அலுவலர் தாமே தொலைபேசியில் பேசினார்.

“பாய், வியாழன் மூன்றரைக்கு வாருங்கள். ஒன்று கேட்கிறேன். மலையில் மின்சாரம் நின்றால் உங்கள் பெட்டி என்ன செய்யும்?”

“நின்றுவிடும் ஐயா,” என்றோம். “சுமார் முந்நூற்றைம்பது வாட் இழுக்கும் பெட்டி. அருகே ஒரு ‘பி’ வகைச் சிலிண்டர் இருந்தே தீர வேண்டும்.”

‘பி’ சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர் வாயு அடங்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் செலவழித்தால் 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். அதற்குள் மின்சாரம் வராவிட்டால் நோயாளியைக் கச்சிராயப்பாளையம் வழியாகக் கீழே இறக்கத்தான் வேண்டும். இதையும் சொன்னோம். சிலிண்டரே வேண்டாம் என்று சொல்லி விற்கும் பிரதிநிதிகளும் உண்டு. அவர்களுக்கு இரண்டாவது முறை நேரம் கிடைப்பதை நாம் கண்டதில்லை.

வியாழனன்று மருத்துவரும் பராமரிப்பாளரும் இருந்தார்கள். பெட்டியை ஓடவிட்டு, வெளிவரும் வாயுவின் தூய்மையை அளவுமானியில் காட்டினோம். அது 82-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்பதையும், தூசி வடிகட்டியை வாரந்தோறும் கழுவாவிட்டால் அந்த எண் எப்படிச் சரியும் என்பதையும் விளக்கினோம். விலையைக் கேட்டது பராமரிப்பாளர்தான். மருத்துவரோ, கழுவும் வேலையை வெள்ளிமலையில் யார் செய்வது என்று அலுவலரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மணி நான்கு ஆவதற்கு முன் நாம் பையைக் கட்டினோம். அடுத்த செவ்வாய்க்கிழமை, மலைக் கிளையில் அதே பெட்டியை ஒரு பகல் முழுவதும் ஓட்டிக் காட்டும்படி அலுவலர் கேட்டுக்கொண்டார். அதற்கான நேரத்தை அவரே குறித்துத் தந்தார்.