எழுப்பி உடச் சொல்லும் விதங்கள்: நீலகிரித் தோட்டமொன்றில் பேச்சுச் சேகரிப்பு

கைப்பேசியில் இயங்கும் குரல் உதவிக் கருவி, தன்னிடம் பேசுவோர் எந்தச் சொற்களைக் கையாண்டாலும் அவர்கள் வேண்டுவது இன்னதென்று பிரித்தறிய வேண்டியிருப்பதால், ஒரே வேண்டுகோளை மக்கள் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தொகுப்பது அதைப் பயிற்றுவிப்போரின் முதல் வேலையாகிறது. இத்துறையில் ஒருவர் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் வேண்டுகோளைக் கூற்று என்றும், அதன்வழி அவர் வேண்டும் செயலை நோக்கம் என்றும், அச்செயலுக்குத் தேவைப்படும் நேரம், நாள் முதலியவற்றை விவரக்கூறு என்றும் கொள்ளலாம். அலாரம் வைக்கச் சொல்வது ஒரே நோக்கம்தான், கூற்றுகளுக்கோ கணக்கில்லை.

தமிழுக்கு இத்தகைய தொகுப்புகள் ஏற்கெனவே உண்டு. அமேசான் நிறுவனம் 2022இல் வெளியிட்ட மாசிவ் என்னும் தொகுப்பு தமிழ் உள்ளிட்ட 51 மொழிகளில் அமைந்தது. அலாரம் வைத்தல், வைத்த அலாரத்தை விசாரித்தல், நீக்கல் ஆகிய மூன்றும் அதில் தனித்தனி நோக்கங்களாக இடம்பெற்றுள்ளன. எனினும் அதன் தமிழ்க் கூற்றுகள் ஆங்கிலக் கூற்றுகளிலிருந்து மொழிபெயர்த்து எழுதப்பட்டவை ஆதலால், ஆங்கிலம் பேசுவோருக்குத் தோன்றிய வேண்டுகோள்களே அவற்றுக்கு வரம்பாக அமைந்தன. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழு 2024இல் வெளியிட்ட இன்டிக்வாய்சஸ் வேறு வழியில் சென்றது. இருபத்திரண்டு மொழிகளில் 16,237 பேரிடம் பதிவு செய்யப்பட்ட அத்தொகுப்பில், எழுதியதைப் பார்த்துப் படித்த பேச்சு ஏறத்தாழ 9 விழுக்காடே. பெரும்பகுதி அவரவர் தாமாகப் பேசியது. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், நடந்த சிறு சேகரிப்பும் இந்த இரண்டாவது வழியையே பின்பற்றியது.

நீலகிரியில் 'தமிழ் பேசுபவர்' என்னும் ஒரே தலைப்பின்கீழ்ப் பலர் அடங்கிவிடுகின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலங்கை மலையகத்திலிருந்து வந்து குடியேறியோர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கொங்குத் தமிழோடு மலையேறியோர், வீட்டில் படுகமோ மலையாளமோ கன்னடமோ பேசி வெளியில் தமிழ் பேசுவோர் ஆகிய அனைவரும் ஒரே சந்தையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கின்றனர். எனவே ஒவ்வொரு பதிவோடும் பேசுபவரின் வீட்டுமொழி, குடும்பம் வந்த ஊர், வயது ஆகியவை குறிக்கப்பட்டாக வேண்டும்; பெயர் தேவையில்லை.

இவ்வேலையின் நுட்பம் முழுவதும் கேள்வியில்தான் இருக்கிறது. 'அலாரம் வைக்கச் சொல்லி ஐந்து விதமாகச் சொல்லுங்கள்' என்று கேட்டால், முதல் இரண்டு விடைகள் இயல்பாக வருமே தவிர, அவற்றுக்குப் பின் வருபவை எவரும் எங்கும் சொல்லாத செயற்கை வாக்கியங்களாகிவிடும். கேட்பவர் 'அலாரம்' என்ற சொல்லை உச்சரித்த அக்கணமே எதிரிலிருப்பவரின் வாயிலும் அதே சொல் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே சேகரிப்பவர் சூழலை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும்: "அக்கா, நாளைக்கு முதல் பஸ்ஸைப் பிடிச்சுக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீட்ல உங்களைத் தவிர யாருமில்ல. இந்த போன்கிட்ட என்ன சொல்லுவீங்க?" இப்படிக் கேட்டபோது கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர், "நாலரைக்கு எழுப்பி உட்ருப்பா" என்றார், அவருடைய மாமியார், "நாலரைக்கு ஒரு சத்தம் குடு சாமி" என்றார், கல்லூரிக்குச் செல்லும் மகளோ, "நாலு முப்பதுக்கு அலாரம் செட் பண்ணு" என்றாள். ஒரே வீட்டின் மூன்று தலைமுறைகளில், அலாரம் என்ற சொல் ஒருவரிடம்தான் வந்தது.

நேரத்தைக் காட்டுவதற்குப் பயன்படும் படமும் விடையை மாற்றிவிடுகிறது. முள் கடிகாரத்தின் படத்தைக் காட்டினால் 'நாலே முக்கால்' என்றோ 'அஞ்சடிக்கக் கால் மணி' என்றோ சொல்பவரே, எண்கள் ஒளிரும் திரையைக் காட்டினால் 'நாலு நாப்பத்தஞ்சு' என்று படித்துவிடுகிறார். எண் திரையை மட்டும் காட்டிச் சேர்த்த தொகுப்பில் கால், அரை, முக்கால் ஆகியவை அருகிப்போகும் என்பதும், அதில் பயின்ற கருவி வீட்டுப் பேச்சுக்குச் செவிடாகும் என்பதும் இதிலிருந்து தெளிவு. படமே காட்டாமல் சூழலை மட்டும் சொல்வதே இரண்டினும் நன்று.

சேர்த்த கூற்றை எழுத்தாக்கிக் குறியிடும்போதுதான் தமிழின் இயல்பு தன்னைக் காட்டுகிறது. மாசிவ் தொகுப்பின் முறையில் ஒரு கூற்று இவ்வாறு அமையும்:

```
alarm_set
[date : நாளைக்கு] [time : காலைல அஞ்சே கால்]க்கு எழுப்பி உடுங்க
```

ஆங்கிலத்தில் நேரத்துக்கு முன்னால் வரும் சொல் தனியே நிற்பதால், விவரக்கூறு எங்கே தொடங்குகிறது என்பதில் ஐயமில்லை. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி 'காலுக்கு' என்றாவதால், அதைப் பிரித்து வெளியே விடுவதா, உள்ளேயே வைப்பதா என்பதை முதல் நாளே முடிவு செய்து எல்லோரும் ஒரே வழியில் செய்ய வேண்டும். மேலே பிரித்துக் காட்டியிருந்தாலும், முழுச்சொல்லையும் உள்ளே வைப்பதே குறியிடுவோருக்கு எளிது, பிழையும் குறையும். அடுத்தது 'அஞ்சே' என்பது. அதன் ஏகாரம் இங்கே ஐந்தையும் காலையும் இணைப்பது. 'அஞ்சே அஞ்சு நிமிஷம்' என்பதிலோ அது அழுத்தத்துக்கு வந்தது. 'கால்' காதில் விழாமல் போனால், கருவி கால் மணி முன்னதாகவே எழுப்பிவிடும். இறுதியாக 'உடுங்க'. எழுத்தாக்குபவர் படித்தவராயின் கை தன்னையறியாமல் 'விடுங்கள்' என்று திருத்திவிடுகிறது. அப்படித் திருத்திய தொகுப்பில் ஒலி ஒன்றும் எழுத்து வேறொன்றுமாக நிற்கும். இதைத் தவிர்க்க, காதில் விழுந்ததை விழுந்தபடி ஒரு வரியிலும், செம்மையாக்கிய வடிவத்தை மறு வரியிலும் எழுதி வைப்பதே முறை.

பதிவில் நேரும் கெடுதல்களுள் அடிக்கடி வருவது முதலசை அறுபடுதல். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுபவரின் 'நாலரை' வெறும் 'லரை' ஆகிவிடும். அது நாலரையா ஏழரையா என்று பின்னால் எவராலும் சொல்ல முடியாது. ஒலியலையின் படத்தில் தொடக்கத்தில் சிறிதளவு அமைதி இல்லாமல் கோடு நேரே மேலெழுந்திருந்தால், அப்பதிவை ஒதுக்கிவிட்டு அங்கேயே மறுபடி கேட்பது நல்லது. மற்றொன்று மழை. தகரக் கூரையின்மேல் பெருமழை இறங்கும்போது சொற்கள் அதில் மூழ்கிவிடுவதால் பதிவு நிறுத்தப்பட்டது; சாரலில் எடுத்தவை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டன, ஏனெனில் கருவி நாளை இயங்கப்போவதும் அந்தக் கூரையின் கீழேதான்.

எந்தக் குறியீட்டுக்குள்ளும் அடங்காமல் நின்ற கூற்று ஒன்றுண்டு. தோட்டத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்ந்த முதியவர் ஒருவர், "சங்கு ஊதறதுக்குக் கால் மணி முந்தி எழுப்பி உடு தம்பி" என்றார். சங்கு என்பது தொழிலாளரை வேலைக்கு அழைக்கும் ஊதொலி. அது ஊதும் நேரம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். நோக்கம் ஐயமற அலாரம் வைத்தல்தான். நேரமும் அவரளவில் துல்லியமானது, ஆனால் கடிகாரத்தில் இல்லை. குறியிட்டவர் 'சங்கு ஊதறதுக்குக் கால் மணி முந்தி' என்ற தொடர் முழுவதையும் நேரம் என்றே குறித்து, 'எந்தச் சங்கு என்று கருவி திருப்பிக் கேட்க வேண்டும்' என அருகில் எழுதி வைத்தார்.