தரவு பழுது என்று நான் எழுதிய வரி

என் மாணவி ஒருத்தியின் முதுகலை ஆய்வேட்டில், அட்டவணை ஒன்றின் கடைசிப் பத்தி முழுக்கக் கோடு போட்டு விடப்பட்டிருக்கிறது. கீழே, 'முதற்கட்டக் கள ஆய்வின் தரவு பழுதானதால் விவரம் இல்லை' என்று ஒரு குறிப்பு. அந்த வரியை எழுதச் சொன்னவன் நான். தரவு பழுதாகவில்லை. அதைப் பழுதென்று தீர்ப்பளித்தது என் அரைகுறை அறிவும், அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்ற அவசரமும்தான்.

புவியியல் துறையின் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. விலை கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லாததால் எல்லாக் கணினிகளிலும் இலவசமான கியூஜிஐஎஸ் நிறுவினேன். பின்னணி வரைபடத்துக்காக குயிக்மேப்சர்வீசஸ் என்ற பிளகினையும் சேர்த்தேன். என் அட்மின் லாகினில் அழகாக வேலை செய்தது. மாணவர்கள் தங்கள் லாகினில் திறந்தபோது பிளகினே இல்லை. கியூஜிஐஎஸ் தன் பிளகின்களைப் பயனரின் புரொஃபைல் கோப்புறையில் வைக்கிறது:

```
%APPDATA%\QGIS\QGIS3\profiles\default\python\plugins
```

ஒவ்வொரு லாகினுக்கும் இந்த இடம் தனி. அட்மின் லாகினில் போட்டது மற்றவர்களுக்குப் போகாது. மென்பொருள் எல்லோருக்கும் பொது, பிளகின் அவரவருக்கு என்ற இந்த வேறுபாடு எனக்கு அப்போது தெரியாது.

உண்மையில் பிளகினே தேவைப்பட்டிருக்காது. இடப்பக்க Browser பட்டியலில், XYZ Tiles என்பதன் கீழ் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. மாணவர் லாகினில் அதை இழுத்துப் போட்டும் திரை வெள்ளையாகவே நின்றது. கல்லூரி இணையம் புராக்ஸி வழியாக வருவதுதான் காரணம். Settings, Options, Network என்று போய்ப் புராக்ஸி முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்திருந்தால் வரைபடமும் வந்திருக்கும், பிளகின் பட்டியலும் வந்திருக்கும். Log Messages பலகையைத் திறந்திருந்தால் கோளாறு இணைய இணைப்பில்தான் என்பது அங்கேயே தெரிந்திருக்கும். நான் திறக்கவில்லை. 'பின்னணி வரைபடம் வெறும் அலங்காரம், அது இல்லாமலே வேலை செய்யலாம்' என்று வகுப்பில் சொன்னேன். ஒரு புள்ளி உலகத்தில் எங்கே விழுந்திருக்கிறது என்று காட்டக்கூடிய ஒரே பொருளை மாணவர்களின் கண்ணிலிருந்து எடுத்தது அந்தப் பேச்சு.

அந்த மாணவியின் தலைப்பு, சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஒன்றியத்தின் கண்மாய்கள். ஒவ்வொரு கண்மாய்க் கரையிலும் நின்று கைபேசியில் அட்சம், தீர்க்கம் குறித்து, மடை எப்படி இருக்கிறது, கலுங்கு எப்படி இருக்கிறது, எந்த மடையில் நீர் கசிகிறது என்றெல்லாம் எழுதி வந்திருந்தாள். சிஎஸ்வி கோப்பாக்கிக் கொடுத்தாள். ஊர் எல்லைகள் கொண்ட லேயர் ஏற்கெனவே திறந்திருந்தது. அதன் சிஆர்எஸ், அதாவது ஆய அமைப்பு, யூடிஎம் 44 வடக்கு, எண் EPSG:32644. 'எல்லா லேயரும் ஒரே சிஆர்எஸ்ஸில் இருக்க வேண்டும்' என்று நான் பாடம் நடத்தியிருந்தேன். அதன்படியே அவள் கோப்பைச் சேர்க்கும்போது நானே மௌஸை வாங்கி EPSG:32644 என்று தேர்ந்தேன். லேயரின் பெயர் பட்டியலில் வந்தது. திரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

"சார், ஒண்ணுமே தெரியல" என்றாள்.

பின்னால் இரண்டு மாணவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "ஃபைல் கரப்ட் ஆயிருக்கும்மா. இதை அழிச்சிட்டு மறுபடி எடுத்துட்டு வா" என்றேன். அவள் அழித்தாள். கைபேசியிலிருந்தும் அழித்தாள்.

நடந்தது இதுதான். அவள் கோப்பில் இருந்த எண்கள் பாகைகள்: தீர்க்கம் 78.4, அட்சம் 9.8 என்ற அளவில். யூடிஎம் அமைப்பின் எண்களோ மீட்டர்கள். அந்த ஒன்றியத்துக்கு யூடிஎம்மில் கிழக்கு மதிப்பு இரண்டு லட்சத்துச் சொச்சம், வடக்கு மதிப்பு பத்து லட்சத்துச் சொச்சம் வரும். நான் பாகைகளுக்கு மீட்டர் என்று சீட்டு ஒட்டினேன். உடனே 78.4 என்பது 78.4 மீட்டர் ஆனது, 9.8 என்பது 9.8 மீட்டர் ஆனது. யூடிஎம் 44-இன் கணக்கு, 81 பாகை தீர்க்கத்துக்கு 500 கிலோமீட்டர் மேற்கே, நிலநடுக்கோட்டில் தொடங்குகிறது. எனவே அவளுடைய கண்மாய்கள் எல்லாம் கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 900 கிலோமீட்டரில், மாலத்தீவின் தென்கோடிக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் போய் விழுந்தன. ஒன்றியத்தின் அகலம் ஏறத்தாழ 0.2 பாகை, அது அங்கே இருபது சென்டிமீட்டராகச் சுருங்கியது. புள்ளிகள் காணாமல் போகவில்லை. யாரும் தேடாத இடத்தில் இருந்தன.

கண்டுபிடிக்க ஒரு சொடுக்கு போதும். லேயர் பெயரில் வலச் சொடுக்கி Zoom to Layer கொடுத்தால், திரை அந்த இடத்துக்கே போயிருக்கும். அல்லது Properties-இல் Information பக்கத்தைத் திறந்து Extent வரியைப் படித்திருக்கலாம். அங்கே 78, 9 என்று சிறிய எண்கள் நிற்க, பக்கத்திலேயே சிஆர்எஸ் மீட்டர் கணக்கு என்று சொன்னால், ஒட்டிய சீட்டு தப்பு. திருத்தம் அதைவிடச் சின்னது: Set Layer CRS-இல் EPSG:4326 என்று மாற்றினால் புள்ளிகள் அந்தந்தக் கரையில் வந்து உட்காரும். யூடிஎம் எல்லையோடு சேர்த்துக் காட்டும் வேலையை கியூஜிஐஎஸ் தானே செய்துகொள்ளும். எண்களையே உண்மையாக மீட்டருக்கு மாற்ற வேண்டிய சமயம் வேறு. கரையிலிருந்து 500 மீட்டர் பஃபர் போடுவது போன்ற வேலைக்கு அது வேண்டும். அதற்குரிய கருவி Reproject Layer. Set Layer CRS சீட்டை மட்டும் மாற்றும், Reproject Layer எண்களை மாற்றிப் புதிய லேயர் தரும். என் பாடத்தில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன.

மாணவி மறுபடி போனாள். இந்த முறை வீட்டிலேயே தன் மடிக்கணினியில், EPSG:4326 என்று தேர்ந்து சேர்த்தாள். எல்லாம் சரியாக வந்தது. 'பார்த்தாயா, முதல் ஃபைல்தான் கெட்டிருந்தது' என்றேன். என் தப்புக்கு எதிரான சாட்சியை எனக்கான சாட்சியாக ஆக்கிக்கொண்டேன். ஆனால் முதல் முறை அவள் போனபோது கண்மாய்களில் தண்ணீர் இருந்தது. இரண்டாம் முறை கண்மாய்கள் வற்றிவிட்டன. நீர் இல்லாத மடையில் கசிவைப் பார்க்க முடியாது. அந்தப் பத்திதான் கோடு கோடாக நிற்கிறது. வாய்மொழித் தேர்வில் களப்பணியில் கவனம் போதவில்லை என்று அவளிடம் சொன்னார்கள். நானும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை.

அடுத்த ஆண்டு வேறொரு மாணவனின் புள்ளிகள் இதே போல மறைந்தன. அதற்குள் யாரோ ஒருவர் புராக்ஸியைச் சரிசெய்து பின்னணி வரைபடம் வந்திருந்தது. நான் 'கரப்ட்' என்று வாயெடுக்கும் முன் அவன் Zoom to Layer அழுத்திவிட்டான். திரை முழுக்க நீலம். சுருக்கிக்கொண்டே போனான், ஒரு பக்கம் மாலத்தீவு வந்தது, மேலே கன்னியாகுமரி வந்தது. "கடல்ல கிடக்கு சார்" என்றான். எனக்கு உடனே அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவளுக்கு நடந்ததை முழுவதும் எழுதி அனுப்பினேன். துறைத்தலைவரிடமும் சொன்னேன். நூலகத்தில் உள்ள ஆய்வேட்டுப் பிரதியில் அந்த அட்டவணைக்கு எதிரே, முதற்கட்டத் தரவு சரியாக இருந்தது, மேற்பார்வையாளர் தவறான சிஆர்எஸ் கொடுத்து அதை அழிக்கச் செய்தார் என்று தட்டச்சு செய்து, என் கையெழுத்திட்ட தாளை ஒட்டியிருக்கிறேன். மதிப்பெண்ணை மாற்ற விதி இடம் தரவில்லை. அந்த ஆண்டு எந்த மடை கசிந்தது என்ற விவரம் யாரிடமும் இல்லை.