பலகைத் தளமும் ஒரு டம்ளர் தண்ணியும்

கிராண்ட்பாஸ்ல நான் இருக்கிற போர்டிங் ரூம் பழைய வீடு ஒன்றின் மேல்மாடி. மூன்று கட்டில், ஒரு மேசை, இரண்டு சூட்கேஸ். எல்லாம் போக மிஞ்சுவது என் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம். ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். தளம் சீமெந்து இல்லை, பலகை. கீழே வீட்டுக்கார அன்ரியின் அம்மா படுத்த படுக்கை. நேர் கீழேதான் அவவின் அறை.

முதல் வாரம் யூடியூப்பைப் பார்த்து ஜம்பிங் ஜாக், பேர்ப்பி என்று தொடங்கினேன். மூன்றாம் நாள் அன்ரி படியேறி வந்து, "தம்பி, அம்மா இப்பதான் கண் அயர்ந்தவ. சாமான் ஏதும் விழுந்ததோ?" என்று கேட்டா. ஏச்சு இல்லை. ஆனால் அடுத்த தடவை கேள்வியாக இருக்காது என்று விளங்கிச்சு. கெம்பஸுக்குப் பக்கத்தில் ரூம் தேடினால் வாடகை எனக்குக் கட்டாது. எக்ஸசைஸை விடவும் மனமில்லை.

அதால, சத்தம் எங்கேயிருந்து வருது என்று யோசிச்சேன். பலகையில் கேட்பது மோதல். உடம்பு கீழே வரும்போது தசை பிடித்து நிறுத்தாத வேகத்தைத்தான் பலகை வாங்குது. அப்படியென்றால் குதிப்பதை விட்டால் மட்டும் போதாது, இறங்குவதையும் மெதுவாக்க வேண்டும். பாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகையில் அரை டம்ளர் தண்ணி வைத்தேன். புஷ்-அப் செய்யும்போது தண்ணி துள்ளினால் நான் விழுறேன், இறங்கேல்லை என்று அர்த்தம். முதல் நாள் நல்லாத் துள்ளிச்சு.

புஷ்-அப்பில் நாலு எண்ணி இறங்கி, நெஞ்சு பாயைத் தொடுமுன் ஒரு எண்ணிக்கை நின்று, இரண்டு எண்ணி எழும்பினேன். வேகமாக 22 எடுத்தவன், இப்படி ஏழோடு நின்றேன். வெட்கமாப் போச்சு. ஆனால் பழைய 22இல் பாதியைப் புவியீர்ப்புதான் செய்திருக்கு.

பாரம் கூட்ட டம்பல் தேவையில்லை. சாதாரண புஷ்-அப்பில் கையில் நிற்பது உடம்பு நிறையில் ஏறக்குறைய 64 வீதம். நான் 58 கிலோ, ஆகவே 37 கிலோ. முழங்கால் ஊன்றினால் அது 49 வீதம், 28 கிலோ. காலை ஓரடி உயரத்தில் வைத்தால் 70 வீதம், 40 கிலோவுக்குக் கிட்ட. ஒரே அசைவில் மூன்று படி. மூன்று சுற்றிலும் 12 சத்தமில்லாமல் வந்தால்தான் அடுத்த படி என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். சூட்கேஸில் கால் வைக்க ஒன்பது வாரம் எடுத்துச்சு.

இவ்வளவு சின்னப் பாரத்தில் தசை வளருமா என்று சந்தேகம் இருந்தது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இளைஞர்கள் பத்து வாரம் கால் பயிற்சி செய்தார்கள். தங்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் 30 வீதத்தை இனி ஏலாது என்ற நிலை வரை தூக்கிய காலும், 80 வீதத்தைத் தூக்கிய காலும் ஏறக்குறைய ஒரே அளவு பருத்தன. ஆனால் உச்ச எடையைத் தூக்கும் பலம் 80 வீதக் காலில்தான் கூடச் சேர்ந்தது. ரூமுக்குள் செய்யிற பயிற்சியின் எல்லையும் அதுதான். தசை வரும், ஜிம்மில் கிடைக்கிற பாரம் தூக்கும் பலம் முழுசா வராது.

காலுக்கு முதலில் பின்காலைக் கட்டிலில் வைத்து உட்கார்ந்து எழும்பினேன். கட்டில் கிறீச்சிட்டு மற்ற இரண்டு பேரும் எழும்பிட்டாங்கள். இப்ப இரண்டு காலும் தளத்தில். ஒன்று முன்னே, ஒன்று பின்னே. மடித்த துவாயில் பின் முழங்கால் மெல்லத் தொடும்வரை நாலு எண்ணி இறங்குறது. காலுக்கு எட்டு, மூன்று சுற்று. கடைசி இரண்டில் முன் முழங்கால் உள்ளே சரிந்தால் அன்றைக்குக் காணும்.

கஷ்டம் இழுவையில்தான் வந்தது. தள்ளும் பயிற்சி மட்டும் செய்தால் தோள் முன்னுக்கு வளையும். கதவு நிலையில் தொங்கினால் நிலையே கழன்று வரும், மேசைக்குக் கீழே தொங்கினால் மேசை கவிழும். புத்தகப் பையை மூலைக் கடைத் தராசில் நிறுத்தேன், 8 கிலோ. ஒரு கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்து, பையை இடுப்புக்கு இழுக்கிறது, கைக்குப் பத்து. சிப் கிலுங்காமல் இருக்க ஒரு ரீசேர்ட்டைச் சுற்றிவிடுவேன். பாரம் காணாமல் போனபோது தண்ணிப் போத்தல் சேர்த்தேன். விளிம்பு வரை நிரப்ப வேண்டும், அரைப் போத்தல் குலுங்கும்.

அதுக்குப் பிறகு சாரம். கால் நீட்டி உட்கார்ந்து, சாரத்தைப் பாதத்தில் மாட்டி, நகராத பொருளை இழுக்கிறமாதிரி ஆறு செக்கன் இழுக்கிறது. 1953இல் ஜேர்மனியில் ஹெட்டிங்கர், முல்லர் என்ற இருவர் இப்படி அசையாமல் தசையை இறுக்குவதால் பலம் கூடும் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன வேகத்தில் கூடாது என்று பிறகு தெரிய வந்தது. இன்னொன்று, எந்தக் கோணத்தில் இறுக்குறமோ அதை ஒட்டியே பலம் சேரும். அதால கை நீட்டியும், பாதி மடித்தும், முழுசா மடித்தும் மூன்று இடத்தில் இழுக்கிறேன். பழைய சாரம் வேண்டாம். என்னுடையது தையலில் கிழிந்து, பின்னால சாய்ந்து சுவரில் தலை அடிச்சுது. அன்றைக்கு வந்த சத்தம்தான் அந்த மாதத்திலேயே பெரிய சத்தம்.

இறுக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மூக்கால விட்டுக்கொண்டே எண்ண வேண்டும். பிரஷர் இருக்கிறவங்க இதைத் தொடங்க முதல் டொக்டரிடம் கேட்கட்டும்.

திங்கள், புதன், வெள்ளி, பின்னேரம் 25 நிமிஷம். இவ்வளவுதான் திட்டம். மூச்சு வாங்கிற பயிற்சி இந்த ரூமில் ஏலாது. அதுக்கு மற்ற நாளில் பஸ்ஸை விட்டிட்டு ஆமர் வீதி வழியா புறக்கோட்டை வரைக்கும் வேகமா நடக்கிறேன்.

பன்னிரண்டாம் வாரம் சூட்கேஸில் கால் வைத்து ஒன்பது புஷ்-அப் வந்தது, பை 11 கிலோ, டம்ளர் தண்ணியில் சின்ன வட்டம் மட்டும். வாடகை கொடுக்கப் போனபோது அன்ரி கேட்டா: "என்ன தம்பி, எக்ஸசைஸ் எல்லாம் விட்டிட்டீங்களோ?"

இல்லை அன்ரி என்று சொன்னேன். அவ நம்பினமாதிரித் தெரியேல்லை. உள்ளே அம்மா நித்திரை.